முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்!

கேம் கன்ட்ரோலர் சார்ஜ் ஆகவில்லை என்று கடைக்கு எடுத்துச் சென்றால், பல இடங்களில் பார்த்த மாத்திரத்தில் வரும் பதில் "போர்ட் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பதுதான். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கேபிளைச் சோதிக்காமல் போர்ட்டை மாற்றச் சம்மதிக்கக் கூடாது என்பது என் கருத்து. இதற்குக் காரணம் உண்டு.

பிளேஸ்டேஷன் 4 உடன் 2013ல் வந்த டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரையே எடுத்துக் கொள்வோம். இன்றும் பலர் இதனைக் கம்ப்யூட்டரில் இணைத்து விளையாடுகிறார்கள். இதில் இருப்பது மைக்ரோ யு.எஸ்.பி. போர்ட். இந்த வகைக் கேபிளின் முனையைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு சிறிய கொக்கிகள் தெரியும். போர்ட்டைப் பிடித்துக் கொள்பவை இவைதான். தேய வேண்டிய பாகம் விலை குறைந்த கேபிளில் இருக்கட்டும் என்றே இப்படி வடிவமைத்தார்கள். எனவே இணைப்பு தளர்வாக இருந்தால், முதல் சந்தேகம் கேபிள் மீதுதான் விழ வேண்டும்.

சோதனை எளிது. கன்ட்ரோலரை ஆஃப் செய்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். சார்ஜ் ஏறினால் முன்பக்க விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மெதுவாக ஒளிர்ந்து மங்கும். இப்போது முனையை அசையாமல் பிடித்துக் கொண்டு, அதை ஒட்டியுள்ள வயரை மட்டும் வளையுங்கள். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் கேபிளின் உள்ளே கம்பி அறுந்துள்ளது. வயரை வளைத்தால் ஒன்றும் ஆகாமல், முனையை மேலும் கீழும் லேசாக அசைக்கும்போது மட்டும் அணைந்தால், வேறு நல்ல கேபிளில் இதையே செய்து பாருங்கள். அதிலும் அப்படியே என்றால்தான் போர்ட்டில் பழுது.

அதன் பின்னும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பஞ்சும் தூசியும் அடைத்திருந்தால், மரத்தாலான பல் குத்தும் குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம். நடுவில் உள்ள சிறிய நாக்கு வளைந்தோ உடைந்தோ இருந்தால் போர்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

கம்ப்யூட்டரும் இதில் உதவும். முதலில் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். கன்ட்ரோலரைக் கேபிளில் இணைத்து, விண்டோஸ் கீயுடன் R அழுத்தி `joy.cpl` என டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் பட்டியலில் `Wireless Controller` என்று இருந்தால் கேபிளும் போர்ட்டும் தகவலைக் கடத்துகின்றன. அப்படி இருந்தும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். சார்ஜ் ஏறுகிறது, ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அது பெரும்பாலும் சார்ஜ் செய்ய மட்டுமே பயன்படும் கேபிள். அதில் தகவலுக்கான கம்பிகளே இருக்காது. இதைப் பார்த்துவிட்டுப் போர்ட்டை மாற்றினால் பணம்தான் வீண்.

போர்ட்தான் பழுது என்று உறுதியானால், டூயல்ஷாக் 4 வைத்திருப்பவர்களுக்குச் சால்டரிங் தேவையில்லை. போர்ட்டும் முன்விளக்கும் தனியான ஒரு சிறிய போர்டில் உள்ளன. அது ரிப்பன் கேபிள் மூலம் மெயின் போர்டுடன் இணைகிறது. பின்பக்கம் உள்ள நான்கு திருகுகளைக் கழற்றி, மூடியை மெதுவாகப் பிரியுங்கள். வேகமாக இழுத்தால் ரிப்பன் கிழிந்துவிடும். முதலில் ரிப்பனை நேராக இழுத்து எடுத்து, பேட்டரியின் பிளக்கையும் கழற்றுங்கள். பின் மூடியின் உள்ளே சிறிய போர்டு இருக்கும்.

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தப் போர்டில் பல ரகங்கள் உண்டு. பழைய போர்டில் `JDS-030` என்று அச்சிட்டிருந்தால் அதே எண் உள்ளதையே வாங்குங்கள். ரிப்பனில் உள்ள பின்களின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். ஆகவே பிரித்துப் பார்த்த பிறகே வாங்குவது நல்லது. பொருத்தியதும் திருகுகளை முடுக்கும் முன் கேபிளைச் செருகி, ஆரஞ்சு விளக்கு வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து வந்த டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் இந்த வசதி இல்லை. அதன் போர்ட் மெயின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். கடைக்காரரிடமே கொடுங்கள். ஆனால் கொடுக்கும்போது, வேறு கேபிளில் சோதித்தீர்களா என்று கேளுங்கள். அவர் உங்கள் கண் முன்னே சோதித்துக் காட்டிய பிறகு பணம் கொடுப்பதே நியாயம்.