மூன்று வீட்டு வேலை, எத்தனை மணி நேரச் சம்பளம்?

ரிங்லெட் - குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்த செய்தி கேமரன் மலைத் தோட்டங்களிலும் பேசப்பட்டது. 2025 பிப்ரவரி முதல் தேதி பெரிய நிறுவனங்களிலும், ஆகஸ்டு முதல் தேதி ஐந்து பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் இடங்களிலும் அது அமலுக்கு வந்தது. மணிக் கணக்கில் பார்த்தால் 8 வெள்ளி 72 காசு. ஆனால் காலையில் ஒரு வீட்டில் சமைத்து, மதியம் இன்னொரு வீட்டைக் கூட்டித் துடைக்கும் பெண்களுக்கு இந்த உயர்வு சட்டப்படி சேராது. குறைந்தபட்ச சம்பள ஆணை வீட்டுப் பணியாளர்களைச் சேர்த்துக் கொள்ளவில்லை.

1955 வேலைவாய்ப்புச் சட்டத்திலும் நிலை ஏறக்குறைய இதுதான். 2023 ஜனவரி முதல் 'வேலைக்காரர்' என்ற பொருள் தரும் பழைய சொல் 'வீட்டுப் பணியாளர்' என்று மாறியது. பெயர் மாறினாலும் வேலை நேரம், வார ஓய்வு, பொது விடுமுறை தொடர்பான பிரிவுகள் அவர்களுக்கு இன்னும் பொருந்தவில்லை. ஆகவே சம்பளத்தையும் நேரத்தையும் பேசி முடிப்பது அந்தப் பெண்ணின் வாயில்தான் இருக்கிறது. எந்தக் கணக்கை வைத்துப் பேசுவது என்பதுதான் கேள்வி.

10 வெள்ளி எங்கிருந்து வருகிறது?

8 வெள்ளி 72 காசு என்பது தொடக்கம் மட்டுமே. கடையிலோ ஹோட்டலிலோ அந்தச் சம்பளம் வாங்கும் உள்நாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி ஈபிஎஃப் பணமாக மேலும் 13 விழுக்காடு கட்டுகிறார். அதைச் சேர்த்தால் மணிக்கு ஏறக்குறைய 9 வெள்ளி 85 காசு ஆகிறது. சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் மருத்துவ விடுப்பும் அதற்கு மேல். இவை எதுவும் இல்லாத வீட்டு வேலைக்கு மணிக்கு 10 வெள்ளி கேட்டால் அது பேராசை ஆகாது. மற்ற வேலைக்குச் சமமான கூலி, அவ்வளவுதான்.

ரிங்லெட்டில் வசிக்கும் ஒருவர் மூன்று இடங்களில் வேலை எடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். முதலாவது, பக்கத்துத் தாமானில் வயதான தம்பதியருக்குச் சமையல். வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், மாதம் 350 வெள்ளி. மாதம் 22 நாள் என்றால் 44 மணி நேரம். மணிக்கு 7 வெள்ளி 95 காசு. பரவாயில்லை என்று தோன்றும்.

இரண்டாவது வாரத்திலேயே பேச்சு மாறும். "அக்கா, அப்படியே அந்தப் பாத்திரத்தையும் கழுவி வச்சிடுங்க" என்பார்கள். பிறகு காய் நறுக்குவது, அடுப்பு மேடையைத் துடைப்பது, மறுநாள் இட்லிக்கு மாவாட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சேரும். இரண்டு மணி நேரம் மூன்றாகிவிடும். அதே 350 வெள்ளியை 66 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 5 வெள்ளி 30 காசுதான். யாரும் சம்பளத்தைக் குறைக்கவில்லை, வேலைதான் கூடியது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் இரண்டு வாரம் போன நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். மாதச் சம்பளத்தைப் பேசி முடிக்கும் முன் இரண்டு வாரத்துக்கு மணிக் கூலி பேசுவது இன்னும் நல்லது. அந்த வீட்டாரால் 350 வெள்ளிக்கு மேல் தர முடியாது என்றால் கூலியைக் குறைப்பதைவிட வேலையைக் குறைப்பதே வழி. மணிக்கு 10 வெள்ளி என்றால் 350 வெள்ளிக்கு 35 மணி நேரம், அதாவது நாளுக்கு ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். "ஒரு குழம்பு, ஒரு கூட்டு, சோறு. காயை நீங்க நறுக்கி வச்சிடுங்கம்மா, பாத்திரம் உங்க பொறுப்பு" என்று பேசி முடிக்கலாம். விருந்தாளி வந்தால், தீபாவளிக்கு வீடு கழுவினால் அது தனிக் கூலி.

வழியில் போகும் பணம்

இரண்டாவது வீடு தானா ராத்தாவில். வாரம் ஒரு முறை நான்கு மணி நேரம் சுத்தம் செய்ய 50 வெள்ளி. மணிக்கு 12 வெள்ளி 50 காசு வருவதுபோல் தெரியும். ஆனால் ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா சுமார் 13 கிலோமீட்டர், வளைந்து ஏறும் சாலை. பள்ளி விடுமுறையில் சுற்றுப்பயணிகளின் கார்கள் வரிசை கட்டி நிற்கும். போக வர, காத்திருக்க இரண்டு மணி நேரமும் வழிச்செலவுக்கு 10 வெள்ளியும் போனால், மிஞ்சும் 40 வெள்ளி ஆறு மணி நேரத்துக்கானது. மணிக்கு 6 வெள்ளி 67 காசு.

அதே நாளில் அதே வட்டாரத்தில் இன்னொரு வீடு கிடைத்தால் கணக்கு மாறும். நூறு வெள்ளி வருமானம், பத்து வெள்ளி வழிச்செலவு, மொத்தம் பத்து மணி நேரம். மணிக்கு 9 வெள்ளி நிற்கும். தூரத்து வீட்டை ஒப்புக் கொள்ளும் முன், "உங்க பக்கத்துல வேற யாருக்காவது ஆள் வேணுமா?" என்று கேட்பது கூலியை உயர்த்தச் சொல்வதைவிடச் சில சமயம் அதிகம் பலன் தரும்.

வாடகைக்கு விடும் வீடு வேறு கணக்கு

மூன்றாவது இடம், சுற்றுப்பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் அபார்ட்மெண்ட். ஒரு முறை சுத்தம் செய்ய 30 வெள்ளி. இரண்டு மணி நேரத்தில் முடிந்தால் லாபம்தான். பத்துப் பேர் தங்கி ஸ்டீம்போட் சாப்பிட்டுப் போன வீடு என்றால் நான்கு மணி நேரம் ஆகும். மணிக்கு 7 வெள்ளி 50 காசுதான்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சட்டம் சொல்லும் வீட்டுப் பணியாளர், தனியார் குடியிருப்பில் அந்தக் குடும்பத்துக்காக வேலை செய்பவர். அங்கே நடக்கும் வியாபாரத்துக்காக வேலை செய்பவர் அதில் அடங்கமாட்டார். வாடகை வியாபாரத்துக்காகச் சுத்தம் செய்பவர் தொழிலாளியாக இருந்தால் 8 வெள்ளி 72 காசு அவருக்கு உரிமை.

"அவர் குத்தகைக்குச் செய்கிறார், தொழிலாளி இல்லை" என்று உரிமையாளர் சொல்லக்கூடும். நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள், துடைப்பமும் சோப்பும் யாருடையவை, பணம் முறையாக வருகிறதா என்பதையெல்லாம் பார்த்து, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அது முதலாளி-தொழிலாளி உறவு என்று அனுமானிக்க 2023 முதல் சட்டத்தில் இடம் உண்டு. "காலை 11 மணிக்கு வாங்க, 3 மணிக்குள்ள முடிங்க" என்ற வாட்ஸ்அப் செய்தியே சாட்சி. அதை அழிக்கக் கூடாது. புகாரைத் தொழிலாளர் இலாகாவிடம் கொடுக்கலாம்.

திடீரென்று நிறுத்தினால்

வீட்டுப் பணியாளருக்குச் சட்டம் விட்டு வைத்திருக்கும் சில பாதுகாப்புகளில் ஒன்று 57-வது பிரிவு. வேறு நிபந்தனை பேசியிருந்தால் ஒழிய, வேலையை நிறுத்த எந்தத் தரப்பும் 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். இல்லையேல் 14 நாள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். பல வீடுகளுக்குப் போகிறவர் சுயதொழில் செய்பவர் என்று கருதப்பட்டால் இது பொருந்தாமல் போகலாம். அதனால் முதல் நாளே வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதி அனுப்புவது நல்லது: என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சம்பளம் எந்தத் தேதி, அவர்கள் ஊருக்குப் போகும் வாரத்துக்குப் பாதிச் சம்பளமா முழுச் சம்பளமா. "சரி" என்ற பதில் வந்தால் அதுவே ஒப்பந்தம்.

ஈரக் குளியலறையில் வழுக்கி விழுந்தால் மூன்று வீட்டுச் சம்பளமும் ஒரே நாளில் நின்றுவிடும். 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளருக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. பதிவு செய்வது வீட்டுக்காரரின் கடமை. சுயதொழிலாக எடுத்துச் செய்பவர்களுக்குச் சொக்சோவின் சுயதொழில் திட்டம் இருக்கிறது. வீட்டுச் சேவையும் அதில் ஒரு பிரிவு.

2011-ல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வீட்டுப் பணியாளருக்கான 189-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. மலேசியா இன்னும் அதில் சேரவில்லை. தமிழ்நாடு 2018-ல் வீட்டு வேலைக்கு மணிக் கணக்கில் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. அப்படி ஒரு விகிதம் இங்கே வரும்வரை, ரிங்லெட்டில் ஒரு வீட்டுக்கு 7 வெள்ளிக்கு ஒருவர் ஒப்புக் கொண்டால் அடுத்த வீட்டிலும் அதையே சொல்வார்கள். ஒரே லயத்திலிருந்து வேலைக்குப் போகும் நான்கு பெண்கள் தங்கள் மணிக் கூலியை ஒருவருக்கொருவர் சொல்லி வைத்துக் கொண்டால், 10 வெள்ளி கேட்பது நான்கு பேருக்கும் சுலபமாகும்.