கடை திறக்குமுன் தொடங்க வேண்டிய கோப்பு

சிறிய உணவகம் ஒன்றைத் திறக்க முனைவோர் முதலில் கேட்பது, "எத்தனை உரிமங்கள் வாங்க வேண்டும்?" என்பதே. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம், உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு ஆகியவை பொதுவாகத் தேவைப்படும். இடத்தின் அளவைப் பொறுத்துத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும், விற்றுமுதலைப் பொறுத்துச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் இவற்றோடு சேரும். இவற்றைப் பெற்றுச் சுவரில் மாட்டியதும் எழுத்து வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணுகின்றனர். என் கருத்து வேறு. நடத்த அனுமதிப்பது சுவரிலுள்ள சான்றிதழ். சிக்கல் வரும் நாளில் காப்பது இழுப்பறையிலுள்ள கொள்முதல் ரசீது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சிற்றுண்டிக் கடை ஒன்றுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருகிறார். மிளகாய்த் தூளின் நிறம் ஐயத்தைத் தருகிறது, மாதிரி எடுக்கிறார். சட்டப்படி அதற்குரிய விலையை அவர் தர வேண்டும். மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு முத்திரையிடப்படும். ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்லும். இரண்டு பகுதிகள் நியமன அலுவலரின் பாதுகாப்பில் இருக்கும். நான்காவது பகுதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திற்கு அனுப்புமாறு கடைக்காரர் கேட்கலாம். இவ்வுரிமையை அறியாமலேயே பலர் கையொப்பமிட்டு விடுகின்றனர்.

தூள் தரம் குறைந்தது என்று அறிக்கை வருவதாகக் கொள்வோம். அறிக்கை கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால், தரம் குறைந்த உணவுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. தூளை அரைத்தவர் வேறொருவர். அதனைச் சொன்னால் மட்டும் போதுமா?

இங்கேதான் ரசீது பேசுகிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், விற்பனையாளருக்கு உணவுப் பொருளை விற்பவர் அதன் தன்மைக்கும் தரத்திற்கும் எழுத்து வடிவில் உத்தரவாதம் தர வேண்டும் என்கிறது. பொருளோடு தரும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும் என்றும் அது கூறுகிறது. தக்க கவனத்துடன் நடந்துகொண்டதை மெய்ப்பிப்பவருக்கு எதிர்வாதம் செய்யும் வழியையும் அச்சட்டம் தருகிறது. உரிமமோ பதிவோ பெற்றவரிடமே வாங்கி, அதற்குரிய பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. ஆகவே ரசீது இல்லாதவர் எதிர்வாதத்தை இழப்பதோடு, நிபந்தனை மீறலுக்கும் ஆளாகிறார்.

எல்லாத் தாளும் ரசீதாகிவிடாது. கடைப்பெயரின்றித் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு எதையும் மெய்ப்பிக்காது. விற்றவரின் பெயர், உணவுப் பாதுகாப்பு எண், நாள், பொருள், அளவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். மற்றொரு தவறு சமையலறையில் நிகழ்கிறது. பொட்டலத்தைப் பிரித்துத் தூளை டப்பாவில் கொட்டி, உறையை எறிந்துவிடுகிறோம். தொகுதி எண் உறையோடு போய்விடுகிறது. டப்பாவிலுள்ள தூளையும் கோப்பிலுள்ள ரசீதையும் இணைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. உறையின் அச்சிட்ட பகுதியை வெட்டி டப்பாவில் ஒட்டி, தூள் தீரும்வரை வைத்திருப்பதே எளிய தீர்வு. பழைய தூளின்மேல் புதிய தூளைக் கொட்டுவதும் கூடாது.

ரசீதுக்கும் எல்லை உண்டு. ஈரம் பட்டுக் கெட்ட தூளுக்கோ, நாம் கலந்து அரைத்த பொடிக்கோ, நம் அடுப்பில் வெந்த சாம்பாருக்கோ விற்றவர் பொறுப்பாகமாட்டார். அங்கே நமக்குத் துணை நிற்பவை குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையும், பணியாளர்களின் ஆண்டு மருத்துவச் சான்றும், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பதிவும், துப்புரவுக் குறிப்பேடுமே. நீரின் ஆய்வறிக்கை வரச் சில நாட்களாகும். அலுவலர் வாசலில் நிற்கும்போது அதனைப் பெற இயலாது. ஒரே மையில், ஒரே நாளில் எழுதி நிரப்பிய குறிப்பேட்டை அனுபவமுள்ள அலுவலர் பார்த்தவுடன் அறிந்துகொள்வார்.

எனவே, முதல் மூட்டை அரிசி வாங்கும் நாளிலேயே கோப்பைத் தொடங்குங்கள். அது திறப்பு விழாவிற்கு முன்பே வந்துவிடும் நாள். இயன்றவரை கொள்முதல் தொகையை வங்கிக் கணக்கின் வழியே செலுத்துங்கள். ரசீதிலுள்ள நாளும் தொகையும் கணக்கறிக்கையில் உள்ளவற்றோடு பொருந்தும்போது, அந்த ரசீது பின்னர் எழுதப்பட்டது என்று ஒருவரும் ஐயுற இடமிராது.