காலையில் விட்ட பசி இரவில் வந்து எழுப்புகிறது

என் தங்கை மகள் படிவம் 4இல் படிக்கிறாள். கடந்த பள்ளி விடுமுறை முடிந்ததும் தோழிகள் மூவரோடு சேர்ந்து 'இடைவிட்ட விரதம்' தொடங்கினாள். ஒரு நாளில் 16 மணி நேரம் சாப்பிடுவதில்லை; மீதி 8 மணி நேரத்துக்குள் எல்லாச் சாப்பாட்டையும் முடித்துவிட வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்தது நண்பகல் 12 முதல் இரவு 8 வரை. காலைப் பசியாறலை விட்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது கணக்கு.

மூன்று வாரம் கழித்துத் தங்கை என்னிடம் வேறொரு புகாரோடு வந்தாள். மகள் இரவில் தூங்குவதில்லை. நள்ளிரவுக்கு மேல் சமையலறையில் விளக்கு எரிகிறது. காலையில் எழுப்பவே முடியவில்லை என்றாள். விரதத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருமே நினைக்கவில்லை. ஏனென்றால் பிள்ளைக்குக் காலையில் பசியே இல்லை. "மாமா, எனக்கு விரதம் ரொம்ப சுலபமா வருது" என்று அவளே பெருமையாகச் சொன்னாள்.

அந்தச் சுலபத்தில்தான் விஷயம் இருக்கிறது. நம் உடலுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் ஓடும் ஒரு கடிகாரம் உண்டு. தூக்கம், உடல் வெப்பம், ஹார்மோன்கள் எல்லாம் அதன் தாளத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகின்றன. பசியும் அப்படித்தானா, அல்லது வயிறு காலியானால் வருவதா என்று அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். 12 பேரை 13 நாள் ஆய்வுக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அவர்கள் உண்பதும் உறங்குவதும் உள் கடிகாரத்தின் எல்லா நேரங்களிலும் சமமாக விழும்படி அட்டவணையை மாற்றி மாற்றி அமைத்தார்கள். இப்படிச் செய்தால் கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்பதன் பாதிப்பைக் கழித்துவிட்டு, கடிகாரத்தின் பங்கை மட்டும் தனியே பார்க்கலாம்.

கிடைத்த விடை தெளிவானது. கடிகாரக் கணக்கில் பசி மிகக் குறைவாக இருப்பது காலை 8 மணியளவில். மிக அதிகமாக இருப்பது இரவு 8 மணியளவில். இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மீதான ஆசையும் மாலையில்தான் உச்சிக்குப் போனது.

ஆகவே காலைப் பசியாறலைத் தவிர்ப்பது எளிதாக இருப்பதற்குக் காரணம் மன உறுதியும் அல்ல, விரதம் உடலுக்கு ஒத்துப்போவதும் அல்ல. அந்த நேரத்தில் கடிகாரம் பசியை அடக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். உடலுக்குத் தேவையான உணவின் கணக்கு அப்படியே நிற்கிறது. கடிகாரம் பசியைத் தூண்டிவிடும் மாலை நேரத்தில் அந்தப் பாக்கியும் சேர்ந்து வருகிறது.

என் தங்கை மகளின் ஒரு நாளை அவளோடு உட்கார்ந்து தாளில் எழுதினோம். 'நண்பகல் 12' என்பது பெயருக்குத்தான். அந்நேரம் அவள் வகுப்பில் இருக்கிறாள். காலை 10 மணி ஓய்வில் தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். வீட்டுக்கு வந்து முதல் வாய் சோறு உண்பது பிற்பகல் 2.30க்கு. அப்போது அகோரப் பசி. இரண்டு தட்டு போகிறது. அதனால் மாலை 6.30க்குச் சரியாகச் சாப்பிட முடிவதில்லை. ஒரு துண்டு ரொட்டியோடு முடித்துக்கொள்கிறாள். செவ்வாயும் வியாழனும் 7.30 முதல் 9.30 வரை டியூஷன். திரும்பி வரும்போது 8 மணி தாண்டிவிட்டதால், விதிப்படி வாய் திறக்கக்கூடாது. 11 மணிக்கு விளக்கை அணைக்கிறாள். ஒன்றரை மணி நேரம் புரண்டுவிட்டு 12.30க்கு எழுந்து ஒரு பாக்கெட் மீ வேகவைக்கிறாள்.

பிற்பகல் 2.30 முதல் நள்ளிரவு 12.30 வரை. கூட்டிப் பார்த்தால் அவள் சாப்பிடும் நேரம் 8 மணி அல்ல, 10 மணி நேரம். அதன் நடுப்புள்ளி மாலை 7.30. உணவு முழுவதும் நாளின் பின்பாதிக்குத் தள்ளப்பட்டுவிட்டது. தாளைப் பார்த்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பசியோடு படுத்தால் ஏன் தூக்கம் வராது? மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. அங்குள்ள சில நரம்பணுக்கள் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரந்து நம்மை விழிப்பாக வைத்திருக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் இவை கூடுதலாக இயங்கும். சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறினால் அடங்கும். எலிகளைப் பட்டினி போட்டால் அவை தூங்காமல் அலையும். ஆனால் இந்த நரம்பணுக்கள் இல்லாத எலிகளிடம் அந்த அலைச்சல் இல்லை. காட்டில் வாழும் விலங்குக்கு இது நல்ல ஏற்பாடு. பசித்த நேரத்தில் தூங்கிவிட்டால் இரை தேட முடியாது. படுக்கையில் கிடக்கும் படிவம் 4 மாணவிக்கோ இது தொல்லை.

இதோடு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன், நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பாகவே உயரத் தொடங்கும். பள்ளி ஓய்வு மணி அடிக்கும் முன்பே வயிறு கிள்ளுவது இதனால்தான். தினமும் 12.30க்கு மீ சாப்பிட்டால், உடல் அதையும் ஒரு சாப்பாட்டு வேளையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் படுக்கும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் சரிவராது. கனமான உணவு இரைப்பையை விட்டு முழுதாக இறங்கச் சில மணி நேரம் ஆகும்; எண்ணெய் அதிகமானால் இன்னும் தாமதமாகும். உடனே படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரியும். மேலும், தூக்கம் வர உடலின் உள் வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். செரிமானமோ வெப்பத்தை உண்டாக்குகிறது. டியூஷன் முடிந்து 10 மணிக்குக் கடையில் ரொட்டி சானாய் வாங்கித் தரும் அப்பாக்களும் இதைக் கவனிக்கலாம்.

சிட்னியில் 12 ஆண்களிடம் நடத்திய ஒரு சோதனை 2007இல் வெளியானது. நமக்குப் பழக்கமான மல்லிகை அரிசிச் சோறுதான் உணவு. படுப்பதற்கு 4 மணி நேரம் முன்பு அதைச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 9 நிமிடத்தில் தூங்கினார்கள். அதே சோற்றை 1 மணி நேரம் முன்பு சாப்பிட்டபோது கிட்டத்தட்ட 15 நிமிடம் ஆனது. மெதுவாகச் செரிக்கும் வேறொரு அரிசியை 4 மணி நேரம் முன்பு சாப்பிட்டபோது அதைவிடவும் தாமதம், 17 நிமிடத்துக்கு மேல். சிறிய சோதனைதான், இதை வைத்து எந்த அரிசி நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரே சோறு, ஒரே அளவு, நேரம் மட்டும் மாறியபோது தூக்கமும் மாறியது என்பதைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

எடை குறையுமே என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. இதே 12 முதல் 8 வரை என்ற முறையை அமெரிக்காவில் 116 பெரியவர்களிடம் 12 வாரம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். வழக்கம்போல் மூன்று வேளை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2018இல் வந்த இன்னோர் ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த எட்டு ஆண்கள் நாளின் முற்பகுதியிலேயே, பிற்பகல் 3 மணிக்குள் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார்கள். அவர்களுக்கு எடை குறையாமலே இரத்த அழுத்தம் குறைந்தது, இன்சுலின் நன்றாக வேலை செய்தது. மாலையில் சாப்பிடும் ஆசையும் குறைந்தது. ஆக, எத்தனை மணி நேரம் பட்டினி என்பதைவிட, சாப்பிடும் நேரம் நாளின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன்.

இவையெல்லாம் பெரியவர்களிடம் செய்த ஆய்வுகள். வளரும் வயதில் 16 மணி நேரப் பட்டினி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இரவு உணவுக்கும் காலைப் பசியாறலுக்கும் இடையே வரும் 12 மணி நேரமே உங்களுக்குப் போதுமான இடைவெளி. ஏற்கெனவே பட்டினி கிடந்து தலைசுற்றல் வந்தாலோ, மாதவிடாய் தவறினாலோ, நாள் முழுதும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தாலோ நிறுத்திவிட்டுப் பெற்றோரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

தங்கை மகளின் அட்டவணையைத் திருப்பிப் போட்டோம். காலை 6.15க்கு ஒரு முட்டை, இரண்டு துண்டு ரொட்டி, மைலோ. 10 மணி ஓய்வில் ஏதாவது. பிற்பகலில் ஒரு தட்டுச் சோறு. மாலை 6.30க்கு முழுமையான இரவு உணவு. 10.30க்குப் படுக்கை. டியூஷன் நாளில் மட்டும் 9.45க்கு ஒரு குவளைப் பாலும் ஒரு வாழைப்பழமும். அது விரத விதிக்கு முரண்தான். ஆனால் பசியோடு விழித்துக் கிடப்பதைவிட மேல்.

முதல் வாரம் காலையில் ஒன்றும் இறங்கவில்லை. பாதி முட்டை, அரை ரொட்டி என்று ஆரம்பித்தாள். 12.30 பசியும் சில நாள் விடாமல் வந்து எட்டிப் பார்த்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் மூன்றே குறிப்பு எழுதச் சொன்னேன்: கடைசியாகச் சாப்பிட்ட நேரம், விளக்கை அணைத்த நேரம், தூங்க எவ்வளவு ஆனது. கடைசிக் குறிப்பை இரவில் மணி பார்த்து எழுதக்கூடாது, பார்த்தால் தூக்கம் இன்னும் கலையும். காலையில் எழுந்து 'கொஞ்சம்', 'அரை மணி', 'ஒரு மணிக்கு மேல்' என்று மூன்றில் ஒன்றை ஊகமாக எழுதினால் போதும். முதல் வாரத்தில் ஐந்து இரவுகள் 'ஒரு மணிக்கு மேல்'. மூன்றாம் வாரத்தில் அப்படி ஒன்றே ஒன்று. படுக்கும் நேரத்தையும் அரை மணி முன்னே தள்ளினோம் என்பதால், எல்லாப் புகழும் உணவு நேரத்துக்கே என்று சொல்ல முடியாது.

பெரியவர்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. மாலை 7.30க்கு வகுப்பு வைத்தால் பிள்ளைகள் எப்போது சாப்பிடுவார்கள் என்று எந்த டியூஷன் நிலையமாவது யோசித்திருக்கிறதா? வகுப்பை 8 மணிக்குத் தள்ளுவதால் தூக்கம்தான் இன்னும் குறையும். முன்னதாக 6 மணிக்கே தொடங்கி, நடுவில் 20 நிமிடம் விட்டு, கட்டி வந்த சாப்பாட்டைத் திறக்க விடலாம். தங்கை தன் மகளின் டியூஷன் ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பார்த்தாள். மற்றப் பெற்றோர்கள் வேலை முடிந்து பிள்ளைகளைக் கொண்டுவர முடியாது என்று பதில் வந்தது. அதனால் செவ்வாயும் வியாழனும் அவள் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து 7 மணிக்குச் சோறு சாப்பிடுகிறாள். அந்த இரண்டு இரவுகளில் நோட்டில் இன்னும் 'அரை மணி' என்றுதான் வருகிறது.