அறுபது வருடத்தை வெட்டுங்கள், காலிங்கராயனை விடுங்கள்

காணொளிக்கு ஸ்கிரிப்ட் எழுதும் நண்பர்களிடம் ஒரு வினோதமான பழக்கத்தைப் பார்க்கிறேன். முதல் வரைவு நீளமாகிவிட்டது என்று தெரிந்ததும் தகவலைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். ஊர்ப்பெயர், எண், வருஷம் எல்லாம் போகும். "கண்ணீரும் கனவும் கலந்த மண்" மட்டும் பத்திரமாக இருக்கும். இது வெட்டுவதே இல்லை. சோற்றைக் கொட்டிவிட்டு இலையைப் பரிமாறுவது.

சும்மா சொல்லவில்லை. அவிநாசியில் என்னோடு படித்த நண்பன் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பற்றி ஒரு காணொளிக்கு எழுதியிருந்தான். `wc -w script.txt` அடித்துப் பார்த்தால் 1,800 சொல். அவன் குரலில் நிமிடத்துக்கு நூறு சொல் போகும், ஆக பதினெட்டு நிமிடம். வேண்டியது பன்னிரண்டு. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 600 சொல் போக வேண்டும்.

சிவப்புப் பேனாவால் அவன் அடித்திருந்த மூன்று வாக்கியங்கள் இவை. தண்ணீர் எடுப்பது பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே. எடுக்க அனுமதி உபரி நீரில் 1.5 டிஎம்சி. அது ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குப் போகிறது. "ட்ரையா இருக்குடா, ஸ்கிப் பண்ணிருவாங்க" என்றான். மூன்றும் சேர்ந்து அறுபது சொல்கூட இல்லை. மீதி 540 சொல்லை எங்கே வெட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அந்த மூன்றையும் விட்டுவிட்டு மொத்தத்தையும் அவன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினோம். கிணற்றுப் பாசனம் செய்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் செரி கண்ணு, தண்ணி எங்கிருந்து வருது? அத்திக்கடவுல இருந்தா?" என்றார். பதினெட்டு நிமிடம் கேட்ட மனுஷனுக்கு விஷயமே போய்ச் சேரவில்லை. இந்தப் பக்கத்து மக்கள் முதலில் கேட்டது மேலே மலைப்பக்கமிருந்து தானாக இறங்கி வரும் தண்ணீர். கிடைத்தது கீழே இருந்து மோட்டார் வைத்து மேலே ஏற்றும் தண்ணீர். பெயர் மட்டும் பழசு. கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது, அதை "ட்ரை" என்று அடித்திருந்தான்.

அப்புறம் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தோம். ஸ்கிரிப்டில் 22 பத்திகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, "இந்தப் பத்தி போனால் பார்ப்பவருக்கு எது தெரியாமல் போகும்?" என்று கேட்டு, பதிலை ஓரத்தில் ஒரே வரியில் எழுதினோம். 3, 8, 14, 21 நான்குக்கும் ஒரே பதில் வந்தது: "இந்த ஊர் ரொம்ப நாள் காத்திருந்தது." முதலில் தாத்தாவின் நினைவாக வருகிறது, பிறகு தேர்தல் வாக்குறுதிகளின் பட்டியலாக, பிறகு 2016இல் அவிநாசியில் நடந்த உண்ணாவிரதமாக, கடைசியில் முடிவுரையாக. சொற்கள் வேறுவேறு என்பதால் வாசிக்கும்போது கண்ணில் படவே இல்லை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய பிரச்சினை. ஒரே விதியை நான்கு ஃபைலில் நான்கு விதமாக எழுதி வைத்திருப்பார்கள், தேடிப் பார்த்தால் அகப்படாது.

நான்கில் எதை வைப்பது? அழகாக இருப்பதை வைக்கலாம் என்பான் நண்பன். நான் உண்ணாவிரதத்தை வைக்கச் சொன்னேன், ஏனென்றால் அங்கே மட்டும்தான் ஓர் இடத்தில், ஒரு வருஷத்தில், யாரோ ஏதோ செய்கிறார்கள். மற்ற மூன்றைத் தூக்குவதற்கு முன்னால் அவற்றில் மட்டுமே இருக்கும் தகவல் உண்டா என்று பார்த்தோம். வாக்குறுதிப் பட்டியலில் 2019இல் அடிக்கல் நாட்டிய செய்தி இருந்தது. அதை உண்ணாவிரதப் பத்தியின் கடைசிக்கு நகர்த்தினோம். ஆக 190 சொல் மிச்சம்.

அடுத்தது தொடக்கம். அவிநாசி பற்றி யார் எழுதினாலும் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதையில்தான் ஆரம்பிப்பார்கள். இவனும் 230 சொல்லில் ஆரம்பித்திருந்தான். "குளத்துல நடந்த கதைடா, கனெக்ட் ஆகுது" என்று சண்டை போட்டான். கனெக்ட் ஆகட்டும், அதற்கு இருபது சொல் போதும். 210 போனது.

அடுத்து வெறும் நிரப்பு. ஒரு வாக்கியம்: "அந்த வகையில் பார்க்கும்போது, இன்றைய காலகட்டத்தில் தண்ணீர் என்பது எவ்வளவு முக்கியமான ஒன்றாக இருக்கிறது என்பதை நாம் அனைவரும் அறிந்திருக்கிறோம்." பதினைந்து சொல், ஒன்பது விநாடி. எல்லாரும் அறிந்திருந்தால் எதற்குச் சொல்ல வேண்டும்? முழுதாகப் போனது. "நிரப்பும் பணியானது மேற்கொள்ளப்பட்டு வருகிறது" என்பது "நிரப்புகிறார்கள்" ஆனது. இப்படி 110 சொல். பிறகு படமே காட்டுவதைக் குரலும் சொல்லும் வரிகள். காய்ந்த குளம் திரையில் இருக்கும்போது "இதோ, வறண்டு கிடக்கும் இந்தக் குளம்" எதற்கு? அதில் 90. கூட்டிப் பாருங்கள், 600 வந்துவிட்டது. அவன் அடித்த மூன்று வாக்கியங்களும் உள்ளேயே இருக்கின்றன. மோட்டார் விஷயத்தைத் தெளிவாக்க முப்பது சொல் சேர்த்தோம். மொத்தம் 1,230.

"எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குரல் பதிவான பிறகு பாதி வாக்கியத்தை வெட்டினால் ஏறின குரல் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும், ஒட்டு காதில் தெரியும். அதைவிட மோசம், எடிட்டருக்கு விஷயம் தெரியாது. அவருக்கு எது சலிக்கிறதோ அதை வெட்டுவார். மறுபடியும் காலிங்கராயன்தான் போவார்.

"வெட்டினா ஃப்ளோ போயிடும்" என்பவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தேர்தல் பத்தி போனதும் அடுத்த பத்தியின் முதல் வாக்கியத்தில் "அவர்கள்" என்று ஒரு சொல் அநாதையாக நின்றது. யார் அவர்கள்? ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே உள்ள வாக்கியத்தில் "அவர்", "அப்போது", "அதனால்" என்று ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று, காது பக்கத்தைத் திருப்பிப் பார்க்காது. அதனால் காலிங்கராயன் என்ற பெயரை வேண்டுமென்றே மூன்று இடத்தில் வைத்தோம். பெயரைத் திரும்பச் சொல்வது கேட்பவருக்குக் கைப்பிடி. கருத்தைத் திரும்பச் சொல்வது எழுதுகிறவனின் பயம், முதல் தடவை சரியாகச் சொன்னோமா என்ற பயம். விவசாயிகள் பேசிய பேட்டிகளில் கை வைக்கவே இல்லை. அவர்களுடைய "ஏனுங்க", "பாத்துக்குங்க" எல்லாம் நிரப்பு இல்லை, அது ஆள்.

இரண்டாவது வடிவத்தையும் அப்பாவுக்கு வாசித்தோம். 2024 ஆகஸ்ட் 17இல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது என்ற வரியோடு முடிகிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப ஆத்துல மிச்சம் இருந்தாத்தான் மோட்டாருக்கு வேலை. மோட்டார் ஓடுனாத்தான் நம்ம குளத்துக்குத் தண்ணி. அப்படித்தானே கண்ணு?" என்றார்.

முதல் வரைவைக் கேட்டு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது.