பாட்டிக்கு ஒரு வெள்ளை ஓரப் படம்

பிறந்தநாள் என்றாலும் பிரிவுபசாரம் என்றாலும், இப்போது தோழியர் பலரும் பரிசளிக்க விரும்புவது வெள்ளைத் தாள் ஓரமும் வெளிறிய காட்சியும் கொண்ட சிறு படமே. அழகான பரிசுதான். ஆனால் அதைப் பழையதுபோல் காட்டுவதற்காக, வீட்டில் ஒன்றே ஒன்றாக இருக்கும் புகைப்படத்தை வெட்டுவதும் வெயிலில் வைப்பதும் கூடாது என்பது எங்கள் கருத்து.

முதலில் அந்த ஓரம் வந்த கதையை அறிவோம். எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்கர் 1947ஆம் ஆண்டு உடனடிப் புகைப்பட முறையைச் செய்து காட்டினார். அவருடைய போலராய்டு நிறுவனம் 1972இல் வெளியிட்ட எஸ்.எக்ஸ்-70 காமிராவில், எடுத்த படம் வெளியே வந்து கண்ணெதிரிலேயே தெளிந்தது. படத்தின் கீழோரத்தில் மருந்துப் பசை அடைத்த சிறு பை இருக்கும். காமிராவின் உருளைகள் அதை நசுக்கிப் பசையைப் படம் முழுவதும் பரப்பும். அந்தப் பைக்கு இடம் வேண்டியே கீழோரம் அகலமாயிற்று. நம்முடைய தாளில் பை இல்லை. ஆயினும் அந்த இடம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுத உதவுகிறது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி, கடத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். திருமணமான புதிதில் தாத்தாவுடன் ஸ்டுடியோவில் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே அவரிடம் உண்டு. பின்னால் தூணும் தோட்டமும் வரைந்த திரை தொங்குகிறது. அந்தப் படத்தையே அவருக்குப் பரிசாக்க எண்ணினோம். "இதையே நான்கு நாள் மாடியில் வைத்தால் வெளிறிவிடுமே" என்றாள் ஒருத்தி. வெளிறும்தான். ஆனால் வெயில் திரைக்கு வேறு, தாத்தாவின் முகத்துக்கு வேறு என்று பார்க்காது. போன முகம் திரும்பியும் வராது. ஆகவே நகல் எடுத்தோம்.

படத்தை வெயில் படாத திண்ணையில் சமமாக வைத்து, கைப்பேசியை அதற்கு நேர் மேலே பிடித்து, பிளாஷ் இல்லாமல் எடுத்தோம். கைப்பேசி சாய்ந்தால் சதுரம் கோணலாகும். பிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். பிறகு சதுரமாக்கி, காண்ட்ராஸ்டைக் குறைத்து, நிறத்தில் சற்று மஞ்சளைக் கூட்டினோம். எவ்வளவு மங்க வைக்கலாம் என்பதற்குக் கண்மணியே அளவு. கறுப்புத் தலைமுடி பழுப்புச் சாம்பலாகலாம்; திரையிலுள்ள தூணும் மங்கலாம். கண்மணி தனியே தெரியாமற் போனால் மங்கல் மிகுந்துவிட்டது என்று பொருள்.

ஸ்டுடியோவில் 4க்கு 6 அங்குலத் தாளில் அச்சிடும்போது, படம் 8.6 செ.மீ. சதுரமாக வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தாளின் அகலம் முழுதும், ஏறக்குறைய 10 செ.மீ.க்கு விரித்து அச்சிடுவார்கள். அதை 8.6 செ.மீ.க்கு வெட்டினால் ஓரத்தில் நிற்பவரின் தோள் போய்விடும். பளபளப்பற்ற தாளே பழைய தோற்றத்திற்கு ஏற்றது.

ஓரத்திற்கு 9 செ.மீ. அகலமும் 11 செ.மீ. உயரமுமுள்ள கெட்டியான வெள்ளை அட்டைகள் இரண்டு போதும். ஒன்றில் 8 செ.மீ. சதுரச் சாளரம் வெட்டினோம். மேலும் இரு பக்கமும் அரை செ.மீ., கீழே 2.5 செ.மீ. ஓரம் நிற்கும். மூலையைத் தாண்டி வெட்டுப் போவதுதான் இதில் வழக்கமான கெடுதி. ஒவ்வொரு மூலையிலிருந்தும் தொடங்கி, இரும்பு அளவுகோலை ஒட்டிப் பாதி வரை வெட்டி, எதிர் மூலையிலிருந்து மறுபாதியை வெட்டினால் மூலை சுத்தமாக வரும்.

ஒட்டுவதற்கு முன்பே கீழோரத்தில் எழுதி, மை உலர விடுவது நலம். படம் சாளரத்தைவிடச் சுற்றிலும் 3 மி.மீ. பெரிதாதலால் ஓரத்துக்குப் பின் ஒளிந்துகொள்ளும். அதன் மேல் விளிம்பில் மட்டும் பசை தடவினோம். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரக்காற்றில் தாள் விரியும்போது நகர இடமின்றி நடுவில் உப்பிவிடும். பிறகு பின் அட்டையை விளிம்போடு ஒட்டி, புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைத்தோம்.

உடனடிப் படம்போல் செய்வது பொய்யல்லவா என்று ஒரு தோழி கேட்டாள். கேள்வி நியாயமானது. அதனால் பின்புறத்தில், "இது நகல், மூலப்படம் பாட்டியின் பெட்டியில்" என்று எழுதினோம். பேரப்பிள்ளைகள் ஒருநாள் பெரிதாக்கிப் பார்க்க விரும்பினால் எதைத் தேடுவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமன்றோ? மங்கலை நகலுக்குக் கொடுத்து, மூலத்தை உறையிலிட்டு நிழலில் வைப்பதே பாட்டிக்குச் செய்யும் மரியாதை என்போம்.