சுட்டெண் ஏறினால் படியும் ஏறட்டும்

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்குள் 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. குறிஞ்சாக்கேணியிலிருந்து சீனக்குடா ஆலைகளுக்குப் போகும் தொழிலாளிக்குச் சட்டம் உறுதிசெய்த தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளமோ 2021இல் நிர்ணயித்த 12,500 ரூபாவிலேயே நின்றது. அது 17,500 ஆனது 2024இல்தான்.

தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி, சென்னைச் சுட்டெண்ணின் முந்தைய ஆண்டுச் சராசரிப்படி ஏப்ரல் 1 தோறும் மாறுகிறது. எடுத்துக்காட்டாக, புள்ளிக்கு 25 ரூபா என்றால் 20 புள்ளி ஏற்றத்துக்கு மாதம் 500 ரூபா. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இலங்கையில் பணவீக்கம் தணிந்துவிட்டதே என்பார்கள். தணிந்தது விலை ஏறும் வேகம். ஏறிய புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. கொழும்பு நகர விலையை அல்ல, நாடு முழுவதற்குமான தேசியச் சுட்டெண்ணை அளவாகக் கொண்டு, சம்பளச் சபைகள் இங்கும் இத்தகைய படியை நிர்ணயித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும்.