டயகமவில் முகவரி இல்லை என்போருக்கு

"எங்களுக்கு முகவரியே இல்லை, சேர். இதில் எதை மறைக்கிறது?" டயகம பஜாரில் ஓர் இளைஞர் சிரித்தபடி என்னைக் கேட்டார். தங்கைக்குக் கொழும்பிலிருந்து வரும் பார்சல் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அவர் பேஸ்புக்கில் இட்டிருந்தார். வரைபடத்தில் அவர்களது லயனின் மேல் ஒரு புள்ளி. அடியில் தங்கையின் பெயர், தொலைபேசி எண், வந்துசேரும் நேரம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. லயன் வீடுகளுக்குத் தனி இலக்கம் கொடுக்காமல், கடிதங்களைத் தோட்டக் காரியாலயத்தின் கைக்கு விட்ட அநியாயத்தைப் பற்றி நானே பலமுறை எழுதியிருக்கிறேன். அந்த முகவரியின்மை பாதுகாப்பு என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க இயலாது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் இருந்தால் ஏறத்தாழ ஒரு மீற்றர் வரை இடம் தெரியும். லயன் அறை அதைவிடப் பெரியது. தபாற்கந்தோர் தராத முகவரியைக் கைத்தொலைபேசி தந்துவிட்டது. நகரத்து வீட்டிலக்கத்தை விடவும் துல்லியமாக.

எண்கள் தெரியாவிட்டாலும் கோயில், பாடசாலை, பாதையின் வளைவு ஆகியவை படத்தில் இருந்தால் போதும். செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டு லயனைக் கண்டுபிடித்துவிடலாம். பிறகு பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரும் வாசலைக் காட்டிவிடுவர். பார்சல் வரும் நேரமோ, அந்த நேரத்தில் அப்பெண் வீட்டில் காத்திருப்பாள், கையில் காசும் இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

"வெட்டிவிட்டுப் போடுகிறேன்" என்றார். அதிலும் ஒரு கதை உண்டு. கூகுளின் பிக்சல் தொலைபேசிகளில் படத்தை வெட்டும் மார்க்கப் கருவி, புதிய சிறு படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதி, எஞ்சிய பகுதியை அழிக்காமல் விட்டுவந்தது. 2023 மார்ச்சில் சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் இருவரும் அதை வெளிப்படுத்தினர். புக்கானன் தாம் முன்பு வெட்டிப் பகிர்ந்த ஈபே கொள்வனவுப் படமொன்றை மீட்டபோது, அதில் அவருடைய முழு அஞ்சல் முகவரியும் வெளிவந்தது! கணினி நிபுணருக்கே இந்தக் கதி. பிழை அம்மாதமே திருத்தப்பட்டது. ஆனால் முன்னரே பகிரப்பட்ட படங்களை அத்திருத்தம் எட்டாது. படத்தை மறுபடி சுருக்கிச் சேமிக்கும் தளங்களில் அந்த எச்சம் தொலைந்துவிடும்; சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் தளங்களில் தங்கிவிடும்.

பேனாவால் கிறுக்கி மறைப்பவர்களும் உண்டு. மை சற்று ஊடுருவித் தெரிவதாயின், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியிலுள்ள எழுத்துத் தலைகாட்டும். ஒளி ஊடுருவாத கட்டத்தால் மூடி, மூடிய படத்தையே மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த இரண்டாவது படத்தைப் பகிர வேண்டும். பார்சல் எண்ணையும் மூடுவது அவசியம்; சில நிறுவனங்களின் பக்கத்தில் அதைத் தட்டினாலே விபரங்கள் விரியும்.

நேரலை இருப்பிடம் வேறு ரகம். வட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று கேட்கும். நம்மவர்கள் யோசியாமல் எட்டைத் தொடுகிறார்கள். நேரம் முடிந்ததும் பகிர்வு நின்றுவிடும். இடையில் ஒருவர் எடுத்த ஸ்கிரீன்ஷாட் நிற்காது.

இளைஞர் பதிவை நீக்கினார். அதற்குள் அதை இருவர் பகிர்ந்திருந்தனர். "பார்சல் ஹட்டனுக்கு வந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதினால் போதாதா தம்பி என்று கேட்டேன். "படம் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்?" என்றார்.